புதுச்சேரியில் முதல் முறையாக வாடிக்கையாளரை நேரில் பார்க்கப் போகிறேன்: எங்கே சந்திப்பது, என்ன எழுதி வாங்குவது?

மதி, மஞ்சக்குப்பம்

வணக்கம். கடலூரில் இருந்து எழுதுகிறேன். போட்டோ எடுப்பது, சின்ன வியாபாரங்களுக்கு வெப்சைட் செய்து தருவது என்று மூன்று வருடமாகத் தனியாகத் தொழில் செய்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் சென்னை, கோவை வேலைகள். போனில் பேசி, ஜிபேயில் பணம் வாங்கி, ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது முதல் முறையாகப் பக்கத்து ஊரில் இருந்து ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறாராம். ஆறு அறைகள். அறைகளைப் படம் எடுத்து, ஐந்து பக்க வெப்சைட்டும் செய்ய வேண்டும். 38,000 ரூபாய் சொன்னேன், பேரம் பேசாமல் சரி என்றார். இன்ஸ்டாகிராமில் என் படங்களைப் பார்த்து வந்தவர். இரண்டு முறை போனில் பேசினோம், மரியாதையாகத்தான் பேசுகிறார்.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நேராக அந்த வீட்டுக்கே வரச் சொல்கிறார். வேலையாட்கள் கிளம்பிய பிறகு அமைதியாகப் பேசலாம், கேமராவையும் கொண்டு வந்தால் ஒரு அறையை எடுத்துப் பார்க்கலாம், பஸ் ஸ்டாண்டில் தானே வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். விடுதி இன்னும் திறக்கவில்லை, அதனால் உள்ளே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அவரைத் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. வேலையையும் இழக்க விருப்பமில்லை. வேறு இடம் கேட்டால் சங்கடமாகுமா? அப்புறம், ஒப்பந்தம் என்று எதையாவது கையோடு எழுதிக்கொண்டு போக வேண்டுமா?

ஷீலா, லாஸ்பேட்டை

மதி, நான் பதினோரு வருடமாக வீடுகளுக்கு உள்ளலங்கார வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். என் வேலையே அந்நியர் வீட்டுக்குள் போய் அளவெடுப்பது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

பேசுவது வேறு, இடம் பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வீட்டில் சேர்த்துச் செய்யச் சொல்கிறார். அதைப் பிரித்துவிடு. முதல் நாள் பேச்சு மட்டும், பொது இடத்தில், பகலில். பேச்சு திருப்தியாக இருந்தால் இடம் பார்க்க இன்னொரு நாள், கூட ஒரு ஆளோடு. "முதலில் உட்கார்ந்து என்னென்ன படம் வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொள்வோம் சார், வெளிச்சம் பார்க்க அடுத்த வாரம் பகலில் வருகிறேன்" என்று சொல். தொழில்காரர் சொல்கிற காரணம்தான், பொய்யும் கிடையாது. அறைகளுக்குள் சூரிய வெளிச்சம் எப்போது வருகிறது என்று பார்க்கப் பகலில்தானே போக வேண்டும்?

நேரம் காலை பத்தரை மணி. டிபன் கூட்டம் ஓய்ந்து, சாப்பாட்டுக் கூட்டம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த இடைவெளியில் எந்தச் சைவ ஓட்டலின் ஏசி அறையும் காலியாகத்தான் கிடக்கும். காபி சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள், சப்ளையர்கள் நடமாட்டமும் இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒன்றைப் பார். திரும்பிப் போவதற்கு அவர் வண்டி தேவைப்படாது.

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் நல்ல இடம்தான், ஆனால் காகிதம் பரப்பிப் பேச மேஜை போதாது, சத்தமும் அதிகம். கடற்கரைச் சாலை வேண்டவே வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டியை விடமாட்டார்கள், எங்கே போவதானாலும் நடந்துதான் வெளியே வர வேண்டும். காற்றில் ஒரு தாள் நிற்காது. ரோமன் ரோலண்ட் நூலகம் பாதுகாப்பான இடம், ஆனால் அங்கே வாய் திறக்க முடியாது. இன்னொன்று, கடலூரில் இருந்து வருகிற உனக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே "ரெஸ்டாரண்ட்" என்று பலகை இருக்கிற பல இடங்கள் பாரோடு சேர்ந்தவை. இடத்தை அவர் சொன்னால் அது எப்படிப்பட்டது என்று முதலிலேயே பார்த்துக்கொள்.

கேமராவை எடுத்துப் போகாதே. முதல் சந்திப்புக்கு அது தேவையில்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறுவது இரண்டு விதத்தில் தப்பு.

முருகு, முதலியார்பேட்டை

தங்கச்சி, ஷீலா மேடம் சொன்னது சரி. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார்கள். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, நோட்டரி கையெழுத்து வாங்காத ஒப்பந்தம் செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதினதைக் கோர்ட்டில் நீட்டினால் கிழித்துப் போட்டுவிடுவார்கள். நான் கடை வாடகைக்கு விட்டபோது பட்ட அனுபவம். போகும்போதே பத்திரத்தை வாங்கி, டைப் செய்து எடுத்துக்கொண்டு போய் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நழுவிவிடுவார்கள்.

சேகர், நெல்லிக்குப்பம்

நானும் இதேபோல் மாட்டிக்கொண்டு இருக்கிறேன். மரவேலை செய்கிறேன். ஒரு வீட்டில் மாடுலர் கிச்சன், இரண்டு அலமாரி செய்து கொடுத்தேன். மொத்தம் 1,80,000. அதில் 62,000 பாக்கி. வேலை முடிந்து இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். வாட்ஸப்பில் "அடுத்த மாதம் தருகிறேன்" என்று அவர் அனுப்பிய செய்திகள் இருக்கின்றன. மதி மேடம், உங்கள் ஆளிடம் பணத்தை எப்படி வசூல் செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மதி, மஞ்சக்குப்பம்

சேகர் அண்ணா, எனக்கு இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. பாக்கி எதுவும் இல்லை, சந்திப்பதைப் பற்றித்தான் கேட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

ஷீலா அக்கா, அப்படியே செய்தி அனுப்பினேன். "பகலில் என்றால் சனிக்கிழமை பத்தரைக்கு வருகிறேன், என் மனைவியையும் அழைத்து வரலாமா" என்று கேட்டிருக்கிறார். மனசு லேசானது. முருகு அண்ணா, பத்திரம் எங்கே வாங்குவது, கடலூரிலா புதுச்சேரியிலா?

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

முருகு சொன்னதில் பாதி சரி, பாதி பலரும் நம்புகிற தவறு. அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, இரண்டு பேர் மனமொத்துச் சம்மதித்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைக்கு விலை பேசினால் அது ஒப்பந்தம். இப்படிப்பட்ட வேலைக்கு வாய்ப்பேச்சும் செல்லும், வெள்ளைத்தாளும் செல்லும், மின்னஞ்சலில் "சம்மதம்" என்று பதில் அனுப்பினாலும் செல்லும். சாட்சியோ நோட்டரியோ கட்டாயமில்லை. முத்திரைத் தீர்வை தனி விஷயம். எழுதிய ஒப்பந்தத்துக்கு அதைக் கட்ட வேண்டும். கட்டாத தாளைச் சாட்சியமாக நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளாது. ஆனால் யாரும் கிழித்துப் போடுவதில்லை, விடுபட்ட தீர்வையையும் அபராதத்தையும் கட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். தமிழ்நாட்டுத் தீர்வை வேறு, புதுச்சேரித் தீர்வை வேறு. எந்த ஊரில் கையெழுத்தாகிறதோ அந்த ஊர்ப் பத்திர எழுத்தரிடம் கேட்டு, அங்கேயே தாள் வாங்குங்கள். முருகுவின் கடை வாடகை விஷயம் வேறு ரகம், அதற்குப் பதிவுச் சட்டமும் குறுக்கே வரும். அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

போன இடத்திலேயே கையெழுத்து வாங்குவது பற்றி எனக்குச் சம்மதமில்லை. பேச்சில்தான் வேலையின் உண்மையான அளவு தெரிய வரும். பேசுவதற்கு முன்பே டைப் செய்த தாளில் அது இருக்காது, பேனாவால் அடித்துத் திருத்திய ஒப்பந்தம்தான் கையில் மிஞ்சும். பேசிவிட்டு வாருங்கள். அன்று இரவே பேசியதை எழுதி அனுப்புங்கள்.

சேகர், உங்கள் விஷயம் கெட்டுப்போகவில்லை. செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் காலக்கெடு. உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அந்தச் செய்திகள் இருக்கிற போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். வாட்ஸப் உரையாடலைப் பிரின்ட் எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வக்கீலைப் பார்த்து இந்த மாதமே நோட்டீஸ் அனுப்புங்கள்.

விடுதிக்காரர், வில்லியனூர்

நான் எதிர்ப்பக்கம். சின்ன விடுதி நடத்துகிறேன். அவர் இரவு ஏழு மணி சொன்னதற்குக் கெட்ட காரணம் இருக்க வேண்டியதில்லை. கட்டட வேலை நடக்கிற வீட்டில் பகலெல்லாம் சிமெண்டும் டிரில் சத்தமும்தான். மாலையில்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரம். விளக்கு போட்டால் அறைகள் அழகாகத் தெரியும், அதைக் காட்ட ஆசையாகவும் இருக்கும். ஒரு பெண் தனியாக வருகிறாரே என்று அந்த நேரத்தில் தோன்றாது. தோன்ற வேண்டும், நான் மறுக்கவில்லை. என் மகள் இதே மாதிரி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

எங்களுக்கும் பயம் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வேலைக்கு வருகிறவரிடம் ஆதார் நகல் கேட்பேன். அவரும் கேட்டால் வருத்தப்படாதீர்கள்.

ஷீலா, லாஸ்பேட்டை

ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆதார் முழு நகல் கொடுக்காதே மதி. முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரிகிற நகலை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். அதைக் கொடு, மேலே "இன்ன வேலைக்காக, இன்ன தேதி" என்று குறுக்கே எழுதிக் கொடு. அவரிடமும் அதையே கேள். ஒருவர் மட்டும் அடையாளம் கொடுப்பது நியாயமில்லை.

யாரோடு ஒப்பந்தம் போடுகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு விடுதிக்கு வரைபடம் போட்டேன். பேசியது, முன்பணம் கொடுத்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அங்கே இருந்த மேலாளர். பாதி வேலையில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். உரிமையாளரிடம் போனேன், "உங்களை யார் வரச் சொன்னது" என்று கேட்டார். 27,000 ரூபாய் வரவே இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் சொந்தக்காரரா, குத்தகைதாரரா, சம்பளத்துக்கு இருப்பவரா என்று வாய்விட்டுக் கேள். புதுச்சேரியில் பழைய வீடுகள் நிறைய பேருக்குப் பொதுவில் இருக்கும். ஒரு அண்ணன் இங்கே இருப்பார், இன்னொருவர் பிரான்சில் இருப்பார். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார், வியாபாரம் யார் பெயரில் என்று வரும். சின்ன இடங்களுக்கு அது இல்லாமலும் இருக்கலாம், அதை வைத்துச் சந்தேகப்படாதே.

மதி, மஞ்சக்குப்பம்

என் தம்பி கூட வருகிறேன் என்கிறான். ஒரே மேஜையில் உட்கார வைக்கவா? அவன் பக்கத்தில் இருந்தால் அவர் என்னிடம் பேசாமல் அவனிடமே பேசிவிடுவாரோ என்று இருக்கிறது. சித்தப்பாவோடு ஒரு கடைக்குப் போனபோது அப்படித்தான் நடந்தது.

ஷீலா, லாஸ்பேட்டை

அது நிஜம். எனக்கும் நடந்திருக்கிறது. தம்பி இரண்டு மேஜை தள்ளி உட்காரட்டும், தனியாகக் காபி குடிக்கட்டும். அவன் இருப்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மறைக்கவும் தேவையில்லை. அவர் கேட்டால் "தம்பி வந்திருக்கிறான்" என்று சொல்லிவிடு. இடம் பார்க்கப் போகும்போது மட்டும் அவன் உன்னோடேயே உள்ளே வரட்டும். அளவு டேப் ஒன்றை அவன் கையில் கொடு, உதவியாளர் ஆகிவிடுவான்.

வாட்ஸப்பில் நேரலை இருப்பிடத்தை எட்டு மணி நேரத்துக்கு வைத்து அம்மாவுக்கு அனுப்பிவிடு. ஒரு மணி நேரம் வைத்தால் பேச்சு நீண்ட நேரத்தில் அணைந்துவிடும். பதினொன்றரை மணிக்கு அம்மாவைப் போன் பண்ணச் சொல். சரியாக இருந்தால் "ஆமாம்மா, சாப்பிட வந்துவிடுகிறேன்", சரியில்லை என்றால் "மாத்திரை மேஜையில் இருக்கிறது பார்" என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் இதைச் செய்கிறேன்.

கடைசி நிமிடத்தில் இடத்தை மாற்றினால் கவனம். "ஓட்டலில் கூட்டம், வண்டியில் ஏறுங்கள், வேறு இடத்தில் பேசலாம்" என்றால் ஏறாதே. "இன்று வேண்டாம் சார், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறு. யாராவது தொடர்ந்து வந்தாலோ வழிமறித்தாலோ 112. யோசித்துக்கொண்டு நிற்காதே.

முருகு, முதலியார்பேட்டை

வக்கீல் சாருக்கு நன்றி. பத்திரம் இல்லாவிட்டாலும் செல்லும் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் சாட்சி வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன். நாளை அவர் "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொன்னால் யார் வந்து சொல்வார்கள்?

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

கட்டாயமில்லை என்றுதான் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு சாட்சி போட்டால் நல்லதுதான். முன்பணம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து மதியின் கணக்குக்கு வந்தால் அதைவிட நல்ல சாட்சி. பணம் அனுப்பும்போது குறிப்பில் "விடுதி படம், வெப்சைட் முன்பணம்" என்று எழுதச் சொல்லுங்கள். கையில் ரொக்கமாக வாங்காதீர்கள்.

மதி, மஞ்சக்குப்பம்

சந்தித்துவிட்டு வந்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

பத்து மணிக்கே போய், உள்ளே வருகிற வாசல் தெரிகிற மாதிரி மேஜை பிடித்தேன். அவரும் மனைவியும் பத்து நாற்பதுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். உண்மையில் எல்லாம் முடிவு செய்கிறவர் அந்த அம்மாதான். அவர் சொன்ன பிறகுதான் வேலையின் அளவு புரிந்தது. ஆறு அறை என்று போனில் சொன்னது, முற்றம், மாடி, சமையலறை, வாசல் கதவு எல்லாம் சேர்த்துப் பத்து இடம். வெப்சைட் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டுமாம். பிரெஞ்சிலும் இருந்தால் நல்லது என்றார்கள், அது என் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டேன். அக்கா சொன்ன மாதிரி வீடு யாருடையது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, வீடு அவர் பெரியப்பா மகன் பெயரில் இருக்கிறது, ஒன்பது வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம், வியாபாரம் மனைவி பெயரில் என்றார். அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டியது அந்த அம்மா!

இரவு எட்டு மணிக்குள் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பார்த்து, எங்கே தப்பு என்று சொல்லுங்கள்:

"வேலை கொடுப்பவர் இன்னார், விடுதி நடத்துபவர். வேலை செய்பவர் மதி. பத்து இடங்களைப் படம் எடுத்து, சரிசெய்த 40 படங்கள் தருவது. தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியில் ஐந்து பக்க வெப்சைட் செய்வது. வாசகங்களை வேலை கொடுப்பவர் தருவார். டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் அவர் செலவு. ட்ரோன் படம், வீடியோ, பிரெஞ்சு மொழி இதில் சேராது. வடிவமைப்பில் இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவது முதல் ஒவ்வொரு முறைக்கும் 1,500. மொத்தம் 38,000. கையெழுத்தாகும் நாளில் 12,000, படங்கள் கொடுத்த நாளில் 14,000, வெப்சைட் திறப்பதற்கு முன் 12,000. அறைகள் தயாராகிப் படம் எடுக்கக் கூப்பிட்ட நாளிலிருந்து ஐந்து வாரத்தில் முடிப்பது. வாசகம் தரத் தாமதமானால் அத்தனை நாள் தள்ளிப்போகும். முன்பணம் திருப்பித் தரப்படாது."

அவர்கள் கடைசி வரிக்கு மட்டும் ஒப்பவில்லை. "கட்டட வேலை இழுத்துக்கொண்டே போகிறது, நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் எங்கள் 12,000 என்ன ஆகும்" என்று கேட்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது.

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். "இதில் சேராது" என்ற வரி பலர் விடுவது, அதை எடுக்காதீர்கள்.

அவர்கள் கேள்வி நியாயம். ஒரு வரியை இரண்டாகப் பிரியுங்கள். அவர்கள் வேலையை நிறுத்தினால், அதுவரை நீங்கள் செய்ததற்கு ஏற்ப முன்பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்புவது. ஒன்றுமே தொடங்கவில்லை என்றால் ஒதுக்கிய நாட்களுக்கு 3,000 மட்டும் பிடிப்பது. நீங்கள் செய்ய முடியாமல் போனால் முழு 12,000-ஐயும் பத்து நாளில் திருப்புவது. படம் எடுக்கும் நாளுக்கு ஒரு கடைசித் தேதியும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் அறைகள் தயாராகவில்லை என்றால் விலையை மறுபடி பேசலாம் என்று எழுதுங்கள்.

முக்கியமாக விட்டுப்போனது உரிமை. படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் எடுத்த படம் தன்னுடையது என்றே நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுத்த போட்டோவுக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். வெப்சைட் வடிவமைப்பும் அதன் நிரலும் அப்படியில்லை. நீங்கள் அவர்களிடம் சம்பள வேலையில் இல்லாததால் அவை உங்களுடையவை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அவர்களுக்குப் போகும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக ஒன்றும் எழுதாமல் விட்டால், படங்களை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட அவர்கள் அனுமதி வேண்டும், அவர்கள் வெப்சைட்டின் வடிவமைப்பு உங்களிடமே இருக்கும். இரண்டு பேருக்கும் தொல்லை.

எனவே: "படங்கள் வேலை கொடுப்பவருடையவை. மதி தன் வேலை மாதிரிகளில் அவற்றைக் காட்டலாம். முழுப் பணமும் வந்த நாளில் வெப்சைட்டின் வடிவமைப்பும் நிரலும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் எல்லா நாடுகளுக்கும், வேலை கொடுப்பவருக்கு மாறும்." இவ்வளவு போதும்.

வழக்கு எங்கே என்பதும் வேண்டும். அவர்கள் புதுச்சேரி, வேலையும் அங்கே. நீங்கள் கையெழுத்துப் போடுவதும் பணம் பெறுவதும் கடலூரில் என்றால் கடலூர் நீதிமன்றத்தையும் எழுதலாம். இரண்டில் ஒன்று. சம்பந்தமே இல்லாத சென்னையை எழுதினால் நிற்காது.

விடுதிக்காரர், வில்லியனூர்

கடலூர் என்று எழுதினால் நானாக இருந்தால் கையெழுத்துப் போடத் தயங்குவேன். 38,000 ரூபாய்க்கு எல்லை தாண்டி வந்து நிற்பார்களா? ஒரு வார்த்தைக்காக நல்ல வேலை போய்விடக் கூடாது, யோசியுங்கள்.

ஷீலா, லாஸ்பேட்டை

நான் ஐயா பக்கம். என் ஒப்பந்தங்களில் வேலை கொடுப்பவரின் ஊரையே எழுதுகிறேன். நான் இங்கேயே இருப்பதால் எனக்குச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் மூன்று தவணையாகப் பணம் வாங்கினால் எந்த நேரத்திலும் பாக்கி 14,000-ஐத் தாண்டாது. அதற்கு நீதிமன்றம் வரை போகப் போவதில்லை.

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

பாக்கி 14,000 என்றால் யாரும் போக மாட்டார்கள், சரிதான். ஆனால் திருத்தம் பெரிதாகி வேலை நீண்டால் கணக்கு மாறும். நான் கடலூர் என்றே எழுதச் சொல்வேன். மதிதான் முடிவு செய்ய வேண்டும்.

மதி, மஞ்சக்குப்பம்

ஞாயிறு மதியம் தம்பியோடு போய் வீட்டையும் பார்த்தேன். காந்தி வீதி சந்தைக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை, அரை மணி நேரம் தாமதம். முற்றத்தில் பன்னிரண்டரை மணி வெயில் நேராக விழுகிறது, அறைகளுக்கு நாலு மணிக்கு மேல்தான் நல்ல வெளிச்சம். மேற்கு அறைகள் இரண்டிலும் பிளாஸ்டரே பூசவில்லை. அடுத்த மாதம் தயாராகும் என்று அவர்கள் சொல்வது எனக்கு நம்பிக்கை தரவில்லை. அதனால் ஆறு மாத வரியைச் சேர்த்துவிட்டேன்.

முன்பண வரியை வக்கீல் சார் சொன்னபடி பிரித்து அனுப்பியதும் உடனே சரி என்றார்கள். உரிமை வரியைப் படித்துவிட்டு அந்த அம்மா, "படம் எங்களுடையதா, இது தெரியாமலேயே இருந்தோமே" என்று போனிலேயே சிரித்தார். ஊர் விஷயத்தில் புதுச்சேரி என்றே எழுதிவிட்டேன். வக்கீல் சார் மன்னிக்கணும், மூன்று தவணை இருக்கிறதே என்று தைரியம். புதுச்சேரியில் தாள் வாங்கி இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் கையெழுத்து. சாட்சிக்கு என் தம்பியும் அவர் கணவரும். முருகு அண்ணாவுக்குத் திருப்தியாக இருக்கும். செவ்வாய்க்கிழமை அதே ஓட்டல், அதே பத்தரை மணி.

சேகர், நெல்லிக்குப்பம்

வக்கீல் சார், நோட்டீஸ் அனுப்பினேன். அதற்கு அவர் "கிச்சன் கதவு இறங்கிவிட்டது, அதனால்தான் தரவில்லை" என்று பதில் அனுப்பியிருக்கிறார். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய் கதவைச் சரிசெய்து கொடுத்தால் என் மேல் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

வழக்கறிஞர், திருப்பாதிரிப்புலியூர்

போவதற்கு முன், "குறையை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தில் சரிசெய்து தருகிறேன், பாக்கி 62,000 அப்படியே இருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள். கதவை முன்னும் பின்னும் படம் எடுங்கள். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். பதில் நோட்டீஸைக் கொண்டு வாருங்கள், அதில் வேலை செய்ததையே மறுத்திருக்கிறாரா, குறை மட்டும் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். குறை மட்டும்தான் என்றால் வேலை கொடுத்ததை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது.